பதறாத பழி

பேருந்து நிறுவனத்தின் பார்சல் பிரிவில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் இல்லை. மூட்டை இறக்குகிறவர் முதல் மேலாளர் வரை எல்லோருக்கும் அவள் நடுங்கிதான். "நடுங்கி கவுண்டர்ல இருக்கா, அங்க போய் ரசீது வாங்கு" என்று அவள் காதுபடவே சொல்வார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருவன், பாவம், அதுதான் அவளுடைய சொந்தப் பெயர் என்று நினைத்து "நடுங்கி மேடம்" என்று மரியாதையாகக் கூப்பிட்டான். அவள் சிரித்துவிட்டு ரசீதைக் கிழித்துக் கொடுத்தாள்.

சிரித்தாளே தவிர, அந்தப் பெயரை அவள் மன்னித்ததில்லை. கோபித்துக்கொண்டு தடுத்திருந்தால் ஒரு மாதத்தில் ஊர் மறந்திருக்கும். அவள் தடுக்கவில்லை. தினமும் யாராவது ஒருவர் அந்தப் பெயரைச் சொல்லும்போது, அதை வைத்தவர் ஞாபகம் வரவேண்டும் என்று விட்டு வைத்திருந்தாள். கடன்காரனை மறக்கலாம், கட்டின பெண்டாட்டியைக்கூடச் சிலர் மறக்கிறார்கள், பெயர் வைத்த பயில்வானை மட்டும் மறக்கக்கூடாது என்பது அவள் கணக்கு.

பயில்வான் என்பவர் அவள் முன்பு வேலை பார்த்த மின்சார நிறுவனத்தின் விளையாட்டுப் பயிற்சியாளர். உள்ளதைச் சொல்லவேண்டும், எடை தூக்குகிறவர்களுக்கு அவரைப் போல ஒரு ஆள் கிடைக்கமாட்டார். மேடைக்குப் போகுமுன் ஆளைப் பிடித்து நிறுத்துவார். முதுகில் இரண்டு போடுவார், கன்னத்தில் இரண்டு போடுவார், மூக்கில் நவச்சார நெடி காட்டுவார், காதில் கத்துவார். அந்த ஆள் கண் சிவந்து, நரம்பு புடைத்து, மதம் பிடித்தவன் மாதிரி போய் இரும்பைத் தலைக்குமேல் தூக்கிவிட்டு வருவான். அலமாரி நிறையக் கோப்பை வந்தது. நிர்வாகத்துக்கு ஒரே சந்தோஷம். இவ்வளவு கெட்டிக்காரர் எடை தூக்குகிறவர்களோடு நிற்பானேன் என்று டேபிள் டென்னிஸ் அணியையும் அவர் கையில் கொடுத்தார்கள். பயில்வானுக்குத் தெரிந்தது ஒரே வைத்தியம்தான். தலைவலிக்கும் அதே மாத்திரை, கால்வலிக்கும் அதே மாத்திரை.

அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. நிறுவனங்களுக்கு இடையிலான போட்டியில் இறுதி ஆட்டம். விளையாட்டை வைத்துத்தான் அவளுக்கு அந்த வேலையே. அப்பா இதயத்துக்கு அறுவை முடிந்து மருத்துவமனையில் கிடந்தார். ஆட்டத்துக்குக் கூப்பிடுவதற்குச் சற்றுமுன் பயில்வான் அவளை மண்டபத்தின் நடுவில் நிறுத்தி, எல்லோரும் பார்க்க, இரண்டு கன்னத்திலும் அறைந்தார்.

"உங்கப்பன் படுக்கையில கெடக்கான். நீ தோத்துட்டுப் போய் நின்னா அந்த நெஞ்சு தாங்குமா? சொல்லு, அப்பனைக் கொல்லப் போறியா?"

காது இரைந்தது. பேட்டைப் பிடித்த கை உடும்புப் பிடியாக இறுகிவிட்டது. எதிராளி மெல்லத் தட்டிவிட்ட பந்தை இவள் மேஜையைத் தாண்டிச் சுவருக்கு அனுப்பினாள். சர்வீஸ் வலையில் விழுந்தது. பந்து ஒன்றுதான் தெரிந்தது, எதிராளியின் மணிக்கட்டு எந்தப் பக்கம் திரும்புகிறது என்பது தெரியவே இல்லை. பதறிப் பதறி அடித்து மூன்று கேமையும் நேராகக் கொடுத்துவிட்டு வந்தாள். விரல்கள் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தன. பயில்வான் அந்தக் கையை மணிக்கட்டில் பிடித்து, ஏலம் விடுகிற பொருளைக் காட்டுவதுபோல உயரத் தூக்கிக் காட்டினார்.

"பாருங்கய்யா, நடுங்கி. இவளை நம்பி நான் அணி கட்டினேன்."

மண்டபம் சிரித்தது. அடுத்த மாதம் அணியிலிருந்து எடுத்தார்கள், அதற்கடுத்து வேலையிலிருந்தும். அப்பா பிழைத்துக்கொண்டார். நெஞ்சு அவருக்குத் தாங்கியது, மகளுக்குத்தான் தாங்கவில்லை.

பேருந்து நிறுவனத்தின் பார்சல் பிரிவில் வேலை கிடைத்தது, அந்தப் பெயரும் கூடவே வந்து சேர்ந்தது. அப்போதும் அவள் ஆட்டத்தை விடவில்லை. பணிமனையின் மாடியில், பழைய டயர்கள் அடுக்கிய கூடத்தில், ஒரு மேஜை கிடந்தது. வேலை முடிந்ததும் அங்கே போய் ஆடுவாள். எதற்கு ஆடினாள் என்று கேட்டால் உடம்புக்கு நல்லது என்பாள். பொய். என்றைக்காவது ஒரு நாள், பயில்வான் உட்கார்ந்திருக்கிற மேஜையில், அவர் வளர்த்த ஆளை, அவர் கண்ணெதிரே அடிக்கவேண்டும். அதற்காகத்தான்.

ஆனால் ஒரு தொல்லை. பயில்வானின் அணி ஆடுகிற போட்டி என்றாலே அவள் கை இறுகிவிடும். அவர் முகம் நினைவுக்கு வந்தால் போதும், பந்து பறக்கும். அறைவதற்கு அவர் வரத் தேவையே இல்லை, அவர் வேலையை இவள் கோபமே செய்துவிடும். இப்படியே இரண்டு ஆண்டு முதல் சுற்றிலேயே தோற்று வந்தாள். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று அம்மா சொன்னதற்கு அம்மாவோடு இரண்டு நாள் பேசவில்லை.

விஷயத்தைப் பிடித்துக் கொடுத்தவர் நிறுவனத்துக்கு வருகிற பிசியோ அம்மாள். ஓட்டுநர்களின் இடுப்புவலிக்கு வருகிறவர். ஒருநாள் மாடிக்கு வந்து அவள் ஆடுவதைப் பார்த்துவிட்டு, தண்ணீர்க் குவளையில் விரலை நனைத்து மேஜையின் மேல் ஒரு மேடு வரைந்தார்.

"இந்த இடது அடிவாரத்துல நீ தூங்கிட்டிருக்க. ஆர்வம் இல்ல, கால் நகராது, பந்து வந்தப்புறம்தான் கை போகும். கொஞ்சம் சூடு ஏற ஏற ஆட்டமும் ஏறும். இதோ உச்சி. இங்க நின்னா கண்ணு எல்லாத்தையும் பார்க்கும், கை சொன்னதைக் கேக்கும்."

"அதுக்கும் மேல சூடு ஏறினா?"

"மேல ஏற மேடு இல்லம்மா. அந்தப் பக்கம் இறக்கம்தான். சூடு ஏறிக்கிட்டே போகும், ஆட்டம் இறங்கிக்கிட்டே போகும். தசை இறுகும், பார்வை சுருங்கும். நீ எப்பவும் அந்தப் பக்கம் உருண்டு விழற."

"அப்ப எடை தூக்கறவங்களை மட்டும் அறைஞ்சா தூக்கறாங்களே?"

"அவங்களுக்கு வேலை முரட்டு வேலை. அந்த மேட்டோட உச்சியே வலது பக்கம் தள்ளி இருக்கும். உனக்கு நுணுக்கமான வேலை, விரல் நுனியில ஆடறது. உச்சி சீக்கிரம் வந்துடும். அதுலயும் ஆளுக்கு ஆள் இடம் மாறும். உன் இடம் எதுன்னு நீதான் கண்டுபிடிக்கணும்."

மேஜை காய்ந்ததும் மேடு மறைந்துபோனது. அவள் தலையில் மறையவில்லை. அடடா, அந்த மனுஷன் என்னை மலை ஏற்றிவிடுவதாக நினைத்து அந்தப் பக்கம் தள்ளியல்லவா விட்டிருக்கிறான் என்று அன்றைக்குத்தான் அவளுக்கு முழுதாகப் புரிந்தது. புரிந்ததும் கோபம் குறையவில்லை, கூடியது. அறிவு வந்தால் கோபம் போகும் என்று சொல்கிறவர்கள் பெரிதாக யாரிடமும் அடி வாங்கியிருக்கமாட்டார்கள்.

அதற்குப்பின் தன் இடத்தைத் தேடினாள். கட்டைவிரல் நகம்தான் அவளுக்கு அளவு. பேட்டைப் பிடிக்கும்போது நகம் வெளுத்தால் சூடு அதிகம். நகம் சிவந்திருந்தும் உடம்பு சோம்பலாக இருந்தால் சூடு போதாது, அப்போது இரண்டு நிமிடம் குதித்து, தொடையில் தட்டிக்கொள்வாள். வெளுத்திருந்தால் பேட்டின் ரப்பரை ஈரப் பஞ்சால் வட்டம் வட்டமாகத் துடைப்பாள், மூச்சை நீளமாக விடுவாள். அதற்கும் நகம் சிவக்கவில்லை என்றால் ரேடியோவைக் கூப்பிடுவாள்.

ரேடியோ என்பது டிக்கெட் பிரிவுக் காசாளர் அக்கா. அணியில் இரண்டாம் ஆட்டக்காரி. வாயை மூடிப் பார்த்தவர் கிடையாது. அவர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி ஒழுகத் தொடங்கி ஆண்டுக்கணக்கு ஆகிறது. எந்தக் கொத்தனார் வந்தார், எந்த மூலையில் பூசினார், மறுநாள் எந்த மூலையில் ஒழுகியது, வீட்டுக்காரர் என்ன சொன்னார், அதற்கு இவர் என்ன சொன்னார் என்று அக்கா ஆரம்பித்தால் சிங்கம்கூடக் கொட்டாவி விடும். ஆட்டத்துக்கு முன் அந்தக் கதையைப் பாதி கேட்டால் போதும், அவளுக்கு நகம் சிவந்துவிடும். உலகத்தில் அவளுக்கு இருந்த ஒரே மருந்து அது. அக்காவுக்கும் அது தெரியும். தன் கதையை இவ்வளவு ஆசையாகக் கேட்கிற ஆள் வேறு இல்லை என்பதில் அவருக்கு ஒரு பெருமை.

இந்த ஆண்டு இறுதி ஆட்டத்தில் எதிரே வந்து நின்றது மின்சார நிறுவனம்.

ஐந்து ஆட்டம், மூன்றை வென்ற அணிக்குக் கோப்பை. அணிக்கு மூன்று பேர், முதல் இருவருக்கு இரண்டிரண்டு ஆட்டம். நடுங்கிக்கு முதலாவதும் நான்காவதும். முதல் ஆட்டத்தில் எதிராளி, பயில்வானின் புதுப் பெண், ரெட்டைச் சடை போட்ட பத்தொன்பது வயதுக்காரி. அவள் பயிற்சியில் ஆடுவதைப் பார்த்தவுடனேயே தெரிந்தது, கைவேலைக்காரி. பந்தை அடிக்கவில்லை, பேசவைத்தாள்.

மூலையில் பயில்வான். மீசை நரைத்திருந்தது. குரல் நரைக்கவில்லை.

"என்ன நடுங்கி, இன்னும் ஆடறியா நீ?"

நகம் சுண்ணாம்பாக வெளுத்தது. வெள்ளோட்டத்தில் அவள் அடித்த பந்து மூன்று முறை மேஜையைத் தொடாமலே பின்னால் போனது. போச்சு, இத்தனை ஆண்டும் இதற்குத்தானா என்று தோன்றியது. பேட்டைத் தூக்கிக்கொண்டு நடைக்கூடத்துக்கு வந்து பஞ்சை எடுத்தாள்.

"அக்கா. தொட்டி."

ரேடியோ அக்கா அவள் முகத்தைப் பார்த்துவிட்டு உடனே ஆரம்பித்தார். "அதை ஏன் கேக்கற. நேத்து ஒரு புது ஆள் வந்தான். தொட்டியைத் தட்டிப் பார்த்துட்டு, அம்மா இது ஒழுகல, வேர்க்குதுங்கறான். தொட்டி வேர்க்குமாடி? எங்க வீட்டுக்காரர் அவனுக்கு டீ வாங்கிக் குடுத்துட்டு ஆமாம் ஆமாம்ங்கறார்..."

அவள் ரப்பரைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். கொத்தனார் போனார், இன்னொருவர் வந்தார், ஏணி உடைந்தது. மூச்சு நெஞ்சிலிருந்து வயிற்றுக்கு இறங்கியது. நகம் இளஞ்சிவப்பானது. பழி வாங்கவேண்டும் என்றால் பழியைக் கொஞ்ச நேரம் வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும், செருப்பை விடுவதுபோல. திரும்பி வரும்போது மாட்டிக்கொள்ளலாம்.

முதல் கேமை ரெட்டைச் சடை வென்றாள். அமைதியாக, அழகாக வென்றாள். அந்தப் பெண் தன் மேட்டின் உச்சியில் சரியாக நின்றுகொண்டிருந்தாள், பயில்வான் தள்ள மறந்திருந்தார். வெல்கிறவளை யார் தள்ளுவார்கள்? அவரைத் தள்ளவைக்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றிய உடனே அது எவ்வளவு சுலபம் என்பதும் தெரிந்தது.

இரண்டாவது கேமில் ஒரு நல்ல புள்ளி கிடைத்ததும் அவள் எதிராளியைப் பார்க்கவில்லை. திரும்பி, மூலையில் இருந்த பயில்வானைப் பார்த்து மெதுவாகச் சிரித்தாள். அடுத்த புள்ளிக்கும் அதே சிரிப்பு. கவுண்டரில் சில்லறை இல்லாத வாடிக்கையாளரைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. பயில்வானின் கழுத்து நரம்பு எழும்பியது.

"என்னடி வேடிக்கை பார்த்துட்டிருக்க, அடி!" என்று கத்தினார். ரெட்டைச் சடையின் தோள் காதுவரை ஏறியது.

அந்தக் கேமை நடுங்கி எடுத்தாள். இடைவேளையில் பயில்வான் பெண்ணை இழுத்து நிறுத்தினார். முதுகில் ஒன்று, கன்னத்தில் ஒன்று, இன்னொன்று. "அவ நடுங்கிடி. நடுங்கிகிட்ட தோத்தா உன்னை என்னன்னு கூப்பிடறது?"

அறைச் சத்தம் தன் கன்னத்திலேயே விழுந்ததுபோல அவளுக்குக் கேட்டது. பாவம் என்று தோன்றியதா? தோன்றியது. நிறுத்தினாளா? இல்லை. நகத்தைப் பார்த்தாள், சிவப்பாக இருந்தது, ஆடப் போனாள்.

அதற்குப்பின் ஆட்டமே இல்லை. ரெட்டைச் சடை பந்தைப் பேசவைப்பதை விட்டுவிட்டு உதைத்தாள். நடுங்கி அவளுக்கு வலைக்கு அருகே மெல்லிய குட்டைப் பந்துகளாக வைத்தாள். பூப்போலத் தொடவேண்டிய பந்து, இறுகின கையால் தொட முடியாது. எல்லாம் பறந்தன. பந்தை வெறித்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு, நடுங்கி ஒரே அசைவில் இரண்டு விதமாகச் சுழற்றி விடுவது தெரியவில்லை. ஆட்டம் முடிந்தபோது அந்தச் சின்ன விரல்கள் ஆடிக்கொண்டிருந்தன. அந்த ஆட்டத்தை நடுங்கிக்கு நன்றாகத் தெரியும்.

சரி, பழி முடிந்தது, இனி வீட்டுக்குப் போய்த் தூங்கலாம் என்றுதான் நினைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு, பயில்வான் முகம் எப்படிச் சுருங்கியிருக்கிறது என்று ஆசையாகத் திரும்பிப் பார்த்தாள். பயில்வான் தன் மேலாளரிடம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"யார் தயாரிப்பு சார் அவ? நம்ம தயாரிப்பு. அன்னைக்கு நான் போட்ட அறைதான் இன்னைக்கு அவளை ஆட வைக்குது. அடிக்கிற கைதான் அணைக்கும். இந்தப் பொண்ணுக்கு இன்னும் அடி பத்தல, அடுத்த ஆட்டத்துக்கு முன்னாடி பாருங்க." பிறகு அவளைப் பார்த்துக் கையை உயர்த்தினார், ஆசீர்வாதம்போல. "நல்லா ஆடினம்மா. என்னை மறக்கல நீ."

தோற்றால் நடுங்கி, வென்றால் அவர் தயாரிப்பு. இரண்டு பக்கமும் அவரே நிற்கிறார். இத்தனை ஆண்டு டயர் நாற்றத்தில் ஆடி ஆடிச் சேர்த்ததை ஒரே வாயில் போட்டு மென்றுவிட்டார். இவரை ஜெயித்து அடிக்க முடியாது. இவர் இல்லாமல் ஒரு ஆள் ஜெயிக்கவேண்டும். இவருடைய ஆளே ஜெயிக்கவேண்டும். ஊர் பார்க்கவேண்டும்.

மூன்றாவது ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது அவள் முகம் கழுவப் போனாள். கழுவுமிடத்தில் ரெட்டைச் சடை குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். கன்னத்தில் நான்கு விரலும் பதிந்திருந்தன. கண்ணாடி வழியாகவே பேசினாள்.

"நீங்க சாரைப் பார்த்து வேணும்னேதானே சிரிச்சீங்க?"

"ஆமா."

"அவர் என்னை அடிப்பார்னு தெரிஞ்சேதானே?"

"தெரிஞ்சேதான்."

அந்தப் பெண் எதிர்பார்த்தது மறுப்பு. தண்ணீரை வாரி முகத்தில் அடித்துக்கொண்டாள். "எனக்குப் பந்தே தெரியலக்கா. காதுக்குள்ள ஒரே இரைச்சல். நான் பயந்தாங்கொள்ளியா?"

"முதல் கேம்ல பயந்தியா?"

"இல்ல."

"அப்ப ஜெயிச்ச. அவர் கை பட்டப்புறம் தோத்த. இதுல பயம் எங்க இருக்கு?" நடுங்கி ஈரக் கையால் கண்ணாடியில் ஒரு மேடு வரைந்தாள். உச்சியைத் தொட்டாள். "இங்க இருந்த நீ. அவர் உன்னை இன்னும் மேல ஏத்தறதா நினைச்சு, இந்தப் பக்கம் தள்ளிட்டார். இரும்பு தூக்கறவனுக்கு அது சரி. உனக்கும் எனக்கும் அது சாவு. சூடு ஏறினா உனக்கு உடம்புல எங்க முதல்ல தெரியும்?"

பெண் யோசித்தாள். "காது. காது எரியும்."

"காது எரிஞ்சா பேட்டை இடது கைக்கு மாத்து, வலது கையை உதறு. மூச்சை நீளமா விடு. பந்தைப் பொறுக்க மெதுவா நட. உன்னைத் தொடுறதுக்கு யாரையும் விடாத."

"சார் கேக்க மாட்டாரே."

"ஊர் கேக்கற மாதிரி சொல்லு. அப்பக் கேப்பார்."

பெண் திரும்பி முதன்முறையாக நேராகப் பார்த்தாள். "அடுத்து நான் உங்க அணிக்காரங்ககூடத்தான ஆடணும். எதுக்கு எனக்குச் சொல்றீங்க?"

"உனக்காக இல்ல" என்றாள் நடுங்கி. கண்ணாடியில் வரைந்ததை உள்ளங்கையால் அழித்துவிட்டு வெளியே வந்தாள்.

இரண்டாவது ஆட்டத்தில் ரேடியோ அக்கா தோற்றிருந்தார். மூன்றாவதும் போனது. நான்காவதில் நடுங்கி மின்சார நிறுவனத்தின் இன்னொரு பெண்ணைச் சிரமமில்லாமல் வென்றாள், ஆடுமுன் தொட்டிக் கதையை இன்னும் கொஞ்சம் கேட்டுக்கொண்டுதான். இரண்டுக்கு இரண்டு. கோப்பை ஐந்தாவது ஆட்டத்தில். ரேடியோ அக்காவும் ரெட்டைச் சடையும்.

"கவலைப்படாத" என்றார் அக்கா, ஷூவின் நாடாவை இறுக்கிக்கொண்டே. "அந்தப் பொண்ணை நீ உடைச்சுட்ட. அது கை இன்னும் ஆடிக்கிட்டிருக்கும். நான் போய்ப் பொறுக்கிட்டு வந்துடறேன்."

நடுங்கி இப்போதுகூடச் சொல்லியிருக்கலாம், அக்கா, அவள் உடையவில்லை, ஜாக்கிரதை என்று. சொல்லாமல் பயில்வானையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பயில்வான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு பெண்ணை மண்டபத்தின் நடுவுக்கு அழைத்து வந்தார். அதே நடு. கையை ஓங்கினார். பெண் ஒரு அடி பின்னால் போனாள்.

"சார், கையைக் கீழ போடுங்க."

"என்ன?"

"நீங்க தொட்டா எனக்குப் பந்து தெரியமாட்டேங்குது. மேல போய் உட்காருங்க சார்."

குரல் பெரிதாக இல்லை. ஆனால் மண்டபம் முழுக்கக் கேட்டது. பயில்வான் சிரிக்கப் பார்த்தார், வாய் ஒத்துழைக்கவில்லை. "அறிவிருக்கா உனக்கு? நான் இல்லாம நீ..." என்று தொடங்கித் தன் மேலாளர் பக்கம் திரும்பினார். மேலாளருக்குக் கோப்பைதான் மாமன் மச்சான் எல்லாம். கையைக் கட்டிக்கொண்டு, காலைப் பார்த்துச் சொன்னார்:

"போங்க சார். ஒரு ஆட்டம்தானே."

ஓங்கிய கை எங்கே இறங்குவதென்று தெரியாமல் சற்று நேரம் அந்தரத்தில் நின்றது. நடுங்கி அந்தக் கையைப் பார்த்தாள். ஆடியது. உண்மையாகவே ஆடியது. பார்வையாளர் படிகளில் அவர் ஏறும்போது யாரோ ஒருவர் "வழி விடுங்கப்பா" என்றார், யாரோ சிரித்தார். மண்டபம் பழைய மண்டபம்தான், சிரிப்பும் பழைய சிரிப்புதான். அவளுக்கு உள்ளங்காலிலிருந்து உச்சிவரை குளிர்ந்தது. இதைவிட இனிப்பான ஒன்றை அவள் அதற்குமுன் தின்றதில்லை.

ரெட்டைச் சடை ஒவ்வொரு இரண்டு மூன்று புள்ளிக்கும் பேட்டை இடது கைக்கு மாற்றி, வலது கையை உதறினாள். பந்தைப் பொறுக்க, கடைக்குப் போகிறவள் மாதிரி நடந்தாள். ரேடியோ அக்கா உயிரைக் கொடுத்து ஆடினார், ஐந்தாவது கேம்வரை இழுத்தார். கடைசிப் பந்து வலைக்கு மேல் பூவாக எழும்பி, அக்காவின் பக்கத்தில் சத்தமில்லாமல் விழுந்தது. மின்சார நிறுவனத்தார் பெண்ணைத் தூக்கிக்கொண்டார்கள். மேலே படியில் உட்கார்ந்திருந்தவரை ஒருவரும் கூப்பிடவில்லை. அவர் தானாகவே எழுந்து, பக்கவாட்டுக் கதவு வழியாகப் போனார். இதையும் தன் தயாரிப்பு என்று அவரால் சொல்ல முடியாது, மண்டபமே சாட்சி.

ரேடியோ அக்கா வேர்வையோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நெடுநேரம் இருந்தார். பேசாமல் இருந்தார், அதுதான் பயமாக இருந்தது.

"கையை உதறினாளே, மூச்சு விட்டாளே" என்றார் கடைசியில். "அது உன் வேலை இல்ல?"

பொய் சொல்லத் தோன்றவில்லை. "ஆமாக்கா. நான்தான் சொல்லிக் கொடுத்தேன்."

"எனக்கு எதிரா ஆடப் போறவகிட்ட."

"அந்த ஆளை இறக்கணும்னு."

"இறக்கிட்ட." அக்கா துண்டை மடித்தார். நான்காக மடித்து, எட்டாக மடித்து, பையில் வைத்தார். "நான் உன்னை மாதிரி பழி தீர்க்க ஆடலடி. ஒரு தடவை, இந்தக் கோப்பையைக் கையில பிடிச்சு ஒரு போட்டோ எடுக்கணும்னு இருந்தேன். எங்க வீட்டுக்காரர்கிட்டகூடச் சொல்லி வெச்சிருந்தேன்."

இவளுக்கு அது தெரியாது. அக்கா தொட்டியைப் பற்றிச் சொன்ன அளவுக்கு இதைச் சொன்னதில்லை. அல்லது சொல்லியிருந்து, தொட்டிக் கதையோடு கதையாக இவள் ரப்பரைத் துடைத்துக்கொண்டே கேட்டிருப்பாள்.

திரும்பும்போது அணியின் வண்டியில் அக்கா முன் இருக்கையில், ஓட்டுநருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். எப்போதும் பக்கத்தில் உட்கார்ந்து காதைத் தின்கிறவர். நடுங்கிக்கு ஓட்டுநர் கண்ணாடியில் தன் முகம் தெரிந்தது. வருத்தம் இருந்ததா என்றால், இருந்தது. திரும்பச் செய்யச் சொன்னால் செய்வாயா என்றால், திரும்பவும் செய்வாள். இரண்டும் ஒரே நெஞ்சில் ஒன்றையொன்று இடிக்காமல் உட்கார்ந்திருந்தன.

அந்த ஓங்கிய கை அந்தரத்தில் ஆடியதை நினைத்துப் பார்த்தாள். இனித்தது. இன்னொரு முறை நினைத்துப் பார்த்தாள். இந்த முறை முன் இருக்கையில் இருந்த அக்காவின் பின்னங்கழுத்துதான் தெரிந்தது. முன்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்த தன் கட்டைவிரலைப் பார்த்தாள். நகம் வெளுத்திருந்தது. மூச்சை நீளமாக விட்டாள், இன்னொரு முறை விட்டாள். சிவக்கவில்லை.

"அக்கா" என்றாள் மெதுவாக. "அந்தப் புது ஆள், தொட்டி வேர்க்குதுன்னானே, அப்புறம் என்ன ஆச்சு?"

அக்கா திரும்பவில்லை.

"சரியாப் போச்சு" என்றார்.